பொட்டாசியம் 6.8, ஆனால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்

கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் ஐம்பத்தெட்டு வயது தென்னை விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். வழக்கமான பரிசோதனைக்காக ஊரிலுள்ள கலெக்‌ஷன் சென்டரில் காலையில் ரத்தம் கொடுக்கிறார். சாம்பிள் பாலக்காட்டு லேபுக்குப் போகிறது. மதியம் போன் வருகிறது: "அண்ணா, பொட்டாசியம் 6.8 காட்டுது, சாம்பிள் சிவந்திருக்கு. இன்னொரு தடவை வந்து ரத்தம் கொடுத்துட்டுப் போங்க."

3.5 முதல் 5 வரைதான் இயல்பு (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உண்மையிலேயே ஏற்றக்கூடிய மருந்து வேறு. அதனால் இந்த எண்ணை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அவரது கிரியாட்டினின் 1.0, சிறுநீரகத்தில் குறையில்லை. அதே தாளில் எல்.டி.எச். என்ற நொதி எகிறியிருக்கிறது, ஏ.எஸ்.டி.யும் ஏறியிருக்கிறது. சோடியம் மட்டும் அப்படியே இருக்கிறது. பழகிய டெக்னீஷியனுக்கு இந்தச் சேர்க்கையே விஷயத்தைச் சொல்லிவிடும்.

உடலில் பொட்டாசியம் இருக்குமிடம் செல்களின் உள்ளேதான். சிவப்பணுவுக்குள் இருக்கும் செறிவு வெளியே சீரம் என்ற ரத்தத் தெளிநீரில் இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல். எல்.டி.எச்.சும் அப்படித்தான், உள்ளே ஏராளம். டியூபில் சிவப்பணு உடைந்தால் இவையெல்லாம் வெளியே கொட்டும், கூடவே ஹீமோகுளோபினும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்ததும் மேலே நிற்கும் சீரம் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். உடைந்திருந்தால் இளஞ்சிவப்பாகவோ செர்ரிச் சிவப்பாகவோ இருக்கும். ஹீமோலைஸ்டு சாம்பிள் என்பது இதைத்தான். கண் ஏமாறலாம் என்பதால் இப்போதைய இயந்திரங்கள் சீரத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஹீமோகுளோபின் கலந்திருக்கிறது என்று தாமே அளந்துவிடுகின்றன.

எவ்வளவு உடைந்தால் எவ்வளவு ஏறும்? சீரத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் ஹீமோகுளோபின் கலந்தால் பொட்டாசியம் 0.3 ஏறும் என்பது உத்தேசக் கணக்கு. நம் ஆளின் சீரத்தில் எட்டு கிராம் என்று இயந்திரம் சொல்கிறது. அப்படியானால் 2.4 ஏற்றம், 6.8-இல் கழித்தால் 4.4. இதற்குச் சிவப்பணுக்களில் நூற்றுக்கு மூன்று உடைந்தாலே போதும்.

சரி, கழித்து 4.4 என்று ரிப்போர்ட் கொடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அந்த 0.3 ஒரு சராசரி. ஆளுக்கு ஆள், உடைந்த விதத்துக்கு விதம் அது மாறும். 0.2 என்று வைத்தால் விடை 5.2, 0.4 என்றால் 3.6. ஒன்றில் மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார், இன்னொன்றில் கவலையே இல்லை. இன்னும் மோசம், நிஜமாகவே பொட்டாசியம் குறைந்துபோன ஒருவருக்கு உடைந்த சாம்பிள் 4.5 காட்டி எல்லாம் சரி என்று நம்ப வைத்துவிடும். அதனால்தான் பெரும்பாலான லேபுகள் இப்படிப்பட்ட எண்ணைத் தராமல், மறுபடி ரத்தம் கேட்கின்றன. அதே டியூபைத் திரும்ப ஓட்டிப் பயனில்லை, உடைந்தது உடைந்ததுதான்.

உடைவது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும்போதுதான். ஊசி ரொம்ப மெல்லியது, நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை, சிரிஞ்சின் பிஸ்டனை வேகமாக இழுக்கிறார்கள், அப்புறம் ஊசியைக் கழற்றாமலே டியூப் மூடியில் குத்தி அழுத்தித் தள்ளுகிறார்கள். அந்தச் சிறு துளைக்குள் பிதுங்கி வரும் செல் கிழிந்துபோகும். டியூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவதற்குப் பதில் டானிக் பாட்டில் மாதிரி குலுக்கினாலும் இதே கதி. மறுபடி எடுக்கும்போது நல்ல நரம்பாகப் பார்த்து, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்தி, ரத்தம் தானாக ஓடிவர விடுகிறார்கள். கையை இறுக்கி இறுக்கி விரிக்கவும் சொல்லக்கூடாது. தசை சுருங்கும்போது வெளிவரும் பொட்டாசியமே ஒன்று வரை ஏற்றிக் காட்டலாம். அப்போது சீரம் சிவக்கவும் சிவக்காது.

சிவக்காமல் ஏமாற்றும் இன்னொன்று, பிரிக்காத ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் அனுப்புவது. செல்லுக்குள் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் பம்ப் குளிரில் வேலை செய்யாது. செல் உடையாமலே பொட்டாசியம் கசியும். தொலைவிலுள்ள சென்டர்கள் அங்கேயே சுற்றிச் சீரத்தைப் பிரித்து அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

மறுபடி கொடுத்த சாம்பிள் மஞ்சளாகத் தெளிந்து 4.4 காட்டினால், டெல்மிசார்டன் அதே அளவில் தொடரலாம். ஆனால் ஆளுக்குத் தளர்ச்சியோ படபடப்போ இருந்தால் இரண்டாவது ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள், உடனே இ.சி.ஜி. எடுத்துவிடுவார்கள். கவனமாக எடுத்த இரண்டாவது சாம்பிளும் சிவந்தே வந்தால் குற்றம் ஊசியில் இல்லை. உடலுக்குள்ளேயே செல்கள் உடைகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீர் கறுத்துப் போகிறதா, கண் மஞ்சளா, பாம்புக்கடியா, புதிதாக ஏதும் மருந்து சாப்பிட்டாரா என்று டாக்டர் விசாரிப்பார். உடலுக்குள் செல் உடைவதைக் காட்டிக்கொடுக்கும் ஹாப்டோகுளோபின் பரிசோதனைக்கும் எழுதுவார். அப்போது அந்தப் பொட்டாசியம் எண்ணும் நிஜமாகவே இருக்கலாம்.