நிருபர் ஏன் இரண்டு நொடி விழிக்கிறார்?

“செய்தி வாசிப்பாளர் கேள்வி கேட்டு முடித்த பிறகும் நிருபர் ஏன் பொம்மை மாதிரி நிற்கிறார்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. கேள்வி காதில் விழுந்ததுமே பேசத் தொடங்கியிருப்பார். அது நம் வீட்டுக்கு வந்து சேரத்தான் நேரமாகிறது.

சென்னை ஸ்டூடியோ, நாகப்பட்டினம் கடற்கரையில் புயல் நேரலை என்று வைத்துக்கொள்வோம். நிருபரின் காதுக்குக் கேள்வி சாதாரண செல்போன் அழைப்பிலேயே, அரை நொடிக்குள் போய்விடும். திரும்பி வருவது படம். கேமராவுடன் இணைந்த முதுகுப்பை அந்தப் படத்தைத் துண்டு துண்டாக்கி, நான்கைந்து சிம்களில் பிரித்து அனுப்பும். ஒரு சிம்மின் துண்டு முந்தும், இன்னொன்று பிந்தும். ஸ்டூடியோவில் உள்ள பெட்டி எல்லாம் வந்து சேரும்வரை காத்திருந்து, வரிசைப்படுத்தி, அதன்பிறகே படத்தை விடும். அந்தக் காத்திருப்பு ஒன்றரை நொடி என்றால் மொத்தத் தாமதம் இரண்டு நொடியை எட்டும். அவசரப்பட்டு அதைக் குறைத்தால் பிந்திய துண்டுகள் விடுபட்டு, படம் கட்டம் கட்டமாகச் சிதறும். கூட்டத்தில் எல்லோரும் அதே டவரை மொய்ப்பதால் எத்தனை சிம் இருந்தும் சில சமயம் பயனில்லை. செயற்கைக்கோள் வேன் இருந்தால் டவர் தேவையில்லை. 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வர கால் நொடிதான். ஆனால் கனமழை அந்த அலைகளை விழுங்கிவிடும், அதுவும் புயலன்று!

எனக்கு மிகவும் பிடித்த சூட்சுமம் நிருபரின் காதில் இருக்கிறது. ஸ்டூடியோவின் மொத்த ஒலியையும் அப்படியே அவருக்கு அனுப்பினால், தான் பேசியதே இரண்டு நொடி கழித்துத் தன் காதில் விழும். நாக்கு குழறும். அதனால் மொத்த ஒலியிலிருந்து அவர் குரலை மட்டும் கழித்து அனுப்புவார்கள். இதற்கு ‘மிக்ஸ் மைனஸ்’ என்று பெயர். மூன்று நிருபர்கள் இணைப்பில் இருந்தால் மூன்று தனித்தனிக் கலவைகள் வேண்டும். ஒலிப் பொறியாளர் ஒரு பொத்தானை மாற்றி அழுத்தினால் போதும், நிருபர் பாதி வாக்கியத்தில் காதுக்கருவியைப் பிடுங்குவதை நாமே பார்க்கலாம்.

இந்த நேரலை இழுத்துக்கொண்டே போனால் அடி விழுவது ரன்டவுனுக்கு, அதாவது செய்திகளின் வரிசைப் பட்டியலுக்கு. 8.30-க்கு முடியவேண்டிய செய்தியில் கடைசி வானிலைக்கு ஒன்றரை நிமிடம் என்றால், அது 8.28.30-க்குத் தொடங்கியே ஆகவேண்டும். இப்படிப் பின்னாலிருந்து கணக்குப் போடுவதால், நிருபர் 40 நொடி கூடுதலாகப் பேசியதுமே தயாரிப்பாளர் நடுவில் 40 நொடிச் செய்தி ஒன்றைத் தூக்கிவிடுவார். வாசிப்பாளர் பார்த்துப் படிக்கும் திரையான டெலிபிராம்ப்டர் இந்தப் பட்டியலோடு இணைந்திருப்பதால் அதற்கான வரிகளும் திரையிலிருந்து போய்விடும்.

திடீர்ச் செய்தி வந்தால் கதை தலைகீழ். அது பட்டியலின் உச்சிக்கு ஏறும், ஆனால் வரிகள் இருக்காது. கிராபிக்ஸ் மேசையில் தனியாகத் தட்டச்சான சிவப்புப் பட்டை முந்திக்கொண்டு ஓட, வாசிப்பாளர் எதிரே வெற்றுத் திரை. தயாரிப்பாளர் காதில் ஓதும் அரை வரியைத்தான் அவர் முழு வாக்கியமாக்குகிறார். ஒரே செய்தியை அவர் மூன்று விதமாகத் திருப்பிச் சொன்னால், அடுத்த வரி இன்னும் காதுக்கு வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.