மெரூன் கவுனைப் பச்சையாக்கும்போது பளபளப்பை என்ன செய்வது?

புதுச்சேரி நேரு வீதி கடையில் ஒரே தையலில் ஆறு நிறத்தில் சேட்டின் கவுன் இருக்கும். ஆறையும் மாடலுக்கு உடுத்திப் படமெடுக்க நேரமும் இருக்காது, பணமும் இருக்காது. அதனால் மெரூனை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற ஐந்தையும் ஃபோட்டோஷாப்பில் மாற்றி வாட்ஸப் கேட்லாக்கில் போடுகிறார்கள். பருத்தித் துணியென்றால் இது பெரும்பாலும் ஒப்பேறிவிடும். சேட்டினில் அப்படி ஒப்பேறாது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ‘என்னவோ பிளாஸ்டிக் மாதிரி இருக்கே’ என்று தோன்றிவிடும்.

சேட்டின் நெசவில் ஒரு நூல் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நூல்களைத் தாண்டிய பிறகுதான் அடியில் இறங்குகிறது. அந்த நீண்ட வழவழப்பு ஒரு சின்னக் கண்ணாடி போல வேலை செய்கிறது. நம் கண்ணுக்கு வரும் ஒளியில் ஒரு பங்கு சாயத்துக்குள் போய்த் துணியின் நிறத்தோடு திரும்புகிறது. இன்னொரு பங்கு நூலின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. தெறிக்கும் பங்குக்குத் துணியின் நிறம் ஏறாது. விளக்கு வெள்ளையென்றால் அதுவும் வெள்ளை. ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரோரம் நிறுத்தி எடுத்தால், கவுனின் ஒரு பக்க மடிப்பெல்லாம் மஞ்சளாக மினுங்கும்.

இப்போது Hue/Saturation-ஐத் திறந்து Hue-வை +160 தள்ளிப் பாருங்கள். மெரூன் (சுமார் 350 டிகிரி) பச்சைக்கு (150) வந்துவிடும். ஆனால் சுவரின் மஞ்சளும் (45) கூடவே சுழன்று நீலத்துக்கு (205) போகும். வானத்தின் நீல மினுக்கு (210) சிவப்புப் பக்கம் (10) வந்து நிற்கும். பின்னால் மஞ்சள் சுவர், கவுன் மடிப்பில் வெளிர் நீலம், தோளில் ரோஸ். பிளாஸ்டிக் என்று தோன்றுவது இதனால்தான். Colorize போட்டால் வேறு கோளாறு: சாம்பல் மினுக்குகள் எல்லாவற்றிலும் பச்சை ஏறி, ஈரப் பாசி போல ஆகிவிடும்.

ஆகவே துணியின் நிறத்தை மட்டும் மாற்ற வேண்டும், மினுக்கைத் தனியே எடுத்து மேலே திரும்ப வைக்க வேண்டும். மெரூனில் இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. சிவப்புத் துணி பச்சை ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதனால் Green சேனலை மட்டும் பார்த்தால் துணி கிட்டத்தட்ட கறுப்பாகவும், மினுக்கு மட்டும் வெள்ளையாகவும் தெரியும். Blue சேனலும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அதில் புள்ளியிரைச்சல் அதிகம். நீலத் துணியென்றால் Red சேனலைப் பாருங்கள்.

படமெடுக்கும்போதே ஒரு வேலை இருக்கிறது. மாற்றப்போகும் பச்சைத் துணியில் ஒரு சாண் வெட்டி, தண்ணீர் பாட்டிலைச் சுற்றி, அதே விளக்கில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பாட்டிலின் வளைவில் நிழல், நடு நிறம், மினுக்கு மூன்றும் ஒரே சட்டகத்தில் கிடைத்துவிடும். மினுக்கு வெந்துபோகாமல் RAW-இல் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே எடுங்கள். வெறும் வெள்ளையாகிப்போன இடத்திலிருந்து எதையும் மீட்க முடியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். Eyedropper-ஐ 11 by 11 Average-இல் வைத்துத் தொட்டால், மெரூனின் நடு நிறம் 120, 25, 40 என்று வருகிறது. பாட்டில் மேலிருந்த பச்சை 15, 95, 70. வெளிச்ச அளவுக்கு சிவப்பை 0.3, பச்சையை 0.59, நீலத்தை 0.11 ஆல் பெருக்கிக் கூட்டினால் மெரூன் 55, பச்சை 68. எனவே கவுனுக்கு மாஸ்க் போட்ட குரூப்புக்குள் முதலில் ஒரு Curves வைத்து, 55-ஐ 68-க்கு உயர்த்துங்கள். அதற்கு மேல் Gradient Map. இடது கோடியில் பாட்டில் நிழலின் கரும்பச்சை, 27% இடத்தில் நடு நிறம் (255-இல் 68 என்பது அவ்வளவுதான்), வலது கோடியில் வெளிர்ந்த பச்சை, ஏறக்குறைய 70, 150, 120. வலது கோடிக்கு வெள்ளை வேண்டாம். வெள்ளை அடுத்த லேயரிலிருந்து வரப்போகிறது, இரண்டும் சேர்ந்தால் துணி மாவு பூசியது போலிருக்கும்.

அடுத்து Background லேயரில் நின்று, Channels-இல் Green-ஐ மட்டும் சொடுக்கி, Ctrl+A, Ctrl+C. பிறகு RGB-க்குத் திரும்பி Ctrl+V. வந்த சாம்பல் லேயரை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்து, அதே கவுன் மாஸ்கைப் போட்டு, Levels-இல் கறுப்பு முனையை 40-க்குக் கொண்டுவாருங்கள். மெரூனின் Green மதிப்பு 25 என்பதால் துணியின் பங்கு முழுக்க மறைந்து மினுக்கு மட்டும் மிஞ்சும். பிளெண்ட் மோடு Screen, ஒபாசிட்டி 70-இல் தொடங்கிப் பாட்டில் படத்தோடு ஒப்பிட்டுக் கூட்டுங்கள். இந்த மினுக்கு வெறும் சாம்பல் என்பதால், அதன்மேல் கிளிப் செய்த ஒரு Color லேயரில், சுவர்ப் பக்க மடிப்புகளுக்கு மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் சுவரின் மஞ்சளைத் தடவிவிடுங்கள். பச்சைக் கவுனில் மஞ்சள் மினுக்கு! தனியே பார்த்தால் தப்பாகத் தோன்றும், முழுப் படத்தில் அதுதான் சரியாக உட்காரும்.

முகவாயின் அடியையும், கவுனை ஒட்டிய உள்கையையும் மறந்துவிடாதீர்கள். மெரூன் துணியின் சாயல் தோலில் அங்கே தங்கியிருக்கும். கைதேர்ந்த கண் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இதற்கு எல்லை உண்டு. அதே மெரூனை மஞ்சளாக்க நினைத்தால், 230, 180, 60-இன் வெளிச்ச அளவு 182. 55-இலிருந்து 182-க்கு இழுத்தால் மடிப்பு நிழல்களில் புள்ளியிரைச்சல் பொங்கும், நிறம் படிக்கட்டுப் படிக்கட்டாக உடையும். நேர்மாறாக, தந்த நிறத் துணியிலிருந்து கறுப்புக்குப் போவதும் சிரமம்தான், ஏனென்றால் வெளிர் துணியில் மினுக்கு துணியோடு கலந்து கிடக்கும், பிரித்தெடுக்க எதுவும் இருக்காது. ஒரே நிறம்தான் எடுக்க முடியுமென்றால் நடுத்தர அடர்த்தியில் ஒன்றை எடுங்கள்.

சமிக்கி வந்தால் இந்த முறையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். வழக்கமான சமிக்கி, உலோகப் பூச்சின் மேல் நிறம் ஏற்றிய பிளாஸ்டிக் வில்லை. ஒளி அந்த நிறத்தைக் கடந்து போய், உலோகத்தில் பட்டு, மறுபடி நிறத்தைக் கடந்து வருகிறது. அதனால் அதன் மினுக்கே நிறமுடையது. சேட்டின் போல வெள்ளை மினுக்கைத் திரும்ப வைத்தால் சர்க்கரை தூவியது போலாகிவிடும். இங்கே Black & White லேயரால் முதலில் வெள்ளிச் சமிக்கியாக்குங்கள், Levels-இல் வெளிச்சம் கூட்டுங்கள், அதன்மேல் புது நிறத்தை Multiply-இல் போடுங்கள். உச்சிப் பொறி மட்டும் வெள்ளையாக நிற்க, Blend If-இல் Underlying Layer-இன் வெள்ளை முக்கோணத்தை Alt பிடித்துப் பிளந்து, 225 / 250 என்று வையுங்கள். இருட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும் வில்லைகள் கறுப்பாகத்தான் இருக்கும், அவற்றுக்கு நிறம் கொடுக்கப் போகாதீர்கள். அந்தக் கறுப்பு இருப்பதால்தான் பக்கத்து வில்லை மினுங்குகிறது.

பிறகு 200% பெரிதாக்கி வில்லைகளின் நடு ஓட்டையைப் பாருங்கள். அங்கே தையல் நூலும், இடைவெளியில் அடி நெட் துணியும் இருக்கும். அவை உலோகமல்ல, சாதாரணத் துணி. Multiply-இல் அவை தேவைக்கு மேல் கறுத்திருந்தால் தனி மாஸ்க்கில் வெளிச்சம் ஏற்ற வேண்டும்.

வானவில் சமிக்கியையும், தடவினால் நிறம் மாறும் இருபக்கச் சமிக்கியையும் மாற்ற முயல வேண்டாம். ஒவ்வொரு வில்லையும் தன் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும். அந்தத் துணியை விளக்கடியில் வைத்து மறுபடி எடுப்பதே வேகமான வழி.