பில் இலக்கம் வரும், பில் வராது

திருகோணமலை உப்புவெளியில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மாதக் கடைசியில் கொடுப்பனவுச் செயலியைத் திறந்தால் வண்ண வட்டத்தில் "உணவு: 16,150 ரூபா" என்று காட்டுகிறது. வீட்டில் கொப்பியில் எழுதிவைத்த கணக்கோ 28,000 என்கிறது. செயலி கூட்டலில் தவறவில்லை, அதற்கு வந்து சேர்ந்த தகவலை ஒழுங்காகவே அடுக்கியிருக்கிறது. இந்தக் குடும்பமும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் இடைவெளி உண்டாகும் வழி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

செயலி நீங்கள் வாங்கிய பொருளை வகைப்படுத்துவதில்லை. பணம் வாங்கிய கடையை வகைப்படுத்துகிறது. அதற்கு அடிப்படை நான்கு இலக்க எண் ஒன்று, பெயர் வணிக வகைக் குறியீடு. ஐ.எஸ்.ஓ. 18245 என்ற பன்னாட்டுத் தரத்தில் வருவது. 5411 என்றால் பலசரக்கு, சுப்பர்மார்க்கெட். 5812 சாப்பாட்டுக் கடை, 5912 பாமசி, 5541 பெற்றோல் நிலையம், 6011 ஏ.ரி.எம்.மில் எடுத்த காசு. இப்படி நூற்றுக்கணக்கான எண்கள் உள்ளன. செயலிக்குள் ஓர் அட்டவணை இருந்து, அவற்றைப் பத்துப் பதினைந்து பெரிய பெட்டிகளுக்குள் போடுகிறது. வட்டத்தில் நீங்கள் பார்க்கும் வண்ணங்கள் அந்தப் பெட்டிகள்.

எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கடை மேசையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். தாளிலேயே பார்க்கலாம். இலங்கையில் புழங்கும் லங்கா கியூ.ஆர்., ஈ.எம்.வி. என்ற பன்னாட்டு அமைப்பைப் பின்பற்றுகிறது. பணம் செலுத்தும் செயலியால் அல்லாமல், சாதாரண கியூ.ஆர். வாசிப்பானால் படம் பிடித்தால் ஒரு நீண்ட எழுத்துச் சரம் வரும். கற்பனைக் கடை ஒன்றின் சரத்தில் நமக்கு வேண்டிய துண்டுகள் இவை (உண்மைச் சரத்தில் இடைவெளி இருக்காது, எல்லாம் ஒட்டியே வரும்):

```
5204 5411
5303 144
5912 KADAL STORES
6011 TRINCOMALEE
```

ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு இலக்கம் தகவலின் வகை, அடுத்த இரண்டு அதன் நீளம், பிறகு தகவல். 52 என்பது வணிக வகை, 04 என்பது நான்கு இலக்கம் வரும் என்ற அறிவிப்பு, அப்புறம் 5411. 53இல் உள்ள 144 இலங்கை ரூபாவின் எண். 59 கடைப் பெயர், அதற்கு 25 எழுத்துக்கு மேல் இடமில்லை. 60 ஊர். இங்கே வரும் 5912உம் 6011உம் மேலே சொன்ன பாமசி, ஏ.ரி.எம். எண்கள் அல்ல, வகையும் நீளமும் சேர்ந்து தற்செயலாக அப்படித் தெரிகின்றன. செலுத்தும் தொகைக்கு 54 என்ற இடம் உண்டு. ஒட்டிவைத்த தாளில் அது பெரும்பாலும் வெறுமையாக இருப்பதால் தொகையை நாமே தட்டுகிறோம். 62க்குள் பில் இலக்கத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. பில் இலக்கம் வரும், பில் வராது. அரிசி எத்தனை கிலோ, சவர்க்காரம் எத்தனை என்பதற்கு இந்தச் சரத்தில் இடமே ஒதுக்கவில்லை. வங்கி அட்டையை இயந்திரத்தில் செருகினாலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். வகை எண், கடையின் பெயரும் ஊரும் சேர்ந்த 40 எழுத்து, தொகை, நேரம் ஆகியவை போகும். பொருள்பட்டியல் கடைக் கணினியிலேயே தங்கிவிடும்.

இப்போது அந்த 16,150க்கு வருவோம். அது இரண்டு கொடுப்பனவுகளின் கூட்டுத்தொகை: பக்கத்துப் பலசரக்குக் கடையில் கியூ.ஆர். வழியே 6,850, நகரத்துச் சுப்பர்மார்க்கெட்டில் அட்டையால் 9,300. இரண்டுக்கும் 5411. செயலியைப் பொறுத்தவரை இரண்டும் முழுக்க முழுக்க உணவு. ஆனால் பலசரக்குக் கடைக்காரர் அரிசி, பருப்பு, மாவோடு பிள்ளைகளுக்கு 1,400 ரூபாவுக்குக் கொப்பிகளும் 1,250 ரூபாவுக்கு ஒரு போன் சார்ஜரும் சேர்த்துத்தான் பில் போட்டார். சுப்பர்மார்க்கெட்டில் 3,100 ரூபா சலவைத் தூளுக்கும் ஷம்பூவுக்கும் போனது. ஆக 5,750 ரூபா உணவே இல்லாதது உணவுப் பெட்டிக்குள் கிடக்கிறது. மிஞ்சிய உண்மையான சாப்பாட்டுச் செலவு 10,400.

இதே வகைப் பிழை பாமசியில் மறுபக்கமாக நடக்கும். குழந்தைக்கு வாங்கிய பால்மா 5912 என்ற எண்ணோடு "மருத்துவம்" பெட்டியில் விழும். அந்த மாதம் வீட்டில் யாருக்கும் தலைவலிகூட வந்திருக்காது.

வகை எண்ணைக் கடைக்குக் கொடுப்பது யார்? கடை கணக்குத் திறந்த வங்கி, அல்லது அதற்குக் கொடுப்பனவு வசதி அமைத்துத் தந்த நிறுவனம். பதிவு செய்த நாளில், விண்ணப்பத்தில் எழுதிய தொழிலைப் பார்த்து ஓர் எண்ணைத் தெரிவுசெய்வார்கள். பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பது அரிது. ரீலோட்டும் போட்டோக் கொப்பியுமாகத் தொடங்கிய கடை இன்று தேங்காயும் வெங்காயமும் விற்கலாம். எண் மட்டும் தொலைத்தொடர்புச் சேவைக்கு உரிய 4814 ஆகவே நிற்கும். வங்கி தன் பதிவில் திருத்தினாலும், மேசையில் ஒட்டிய தாளை மாற்றும்வரை அச்சில் பழைய எண்ணே இருக்கும். ஒரே கடையின் செலவு தொடர்ந்து பொருந்தாத பெட்டியில் விழுகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கியூ.ஆர். சரத்தில் 5204க்குப் பின்னால் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சரத்தை வாசிப்பதால் மட்டும் காசு போகாது.

எண் பொதுவானதாக இருந்தால், உதாரணமாக "பிற சில்லறை வணிகம்" என்ற 5999 வந்தால், செயலி கடைப் பெயரைப் பார்த்து ஊகிக்கத் தொடங்குகிறது. முதலில் பெயரைச் சுத்தம் செய்யும். இயந்திர இலக்கம், ஊர்ப் பெயர், நாட்டுக் குறி எல்லாம் கழியும். எஞ்சிய சொற்களைத் தனக்குத் தெரிந்த பெயர்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மதிப்பெண் போடும். மிக உயர்ந்த மதிப்பெண்ணும் போதாமல் இருந்தால் "ஏனையவை" என்று தள்ளிவிடும். பிற நாட்டுப் பெயர்களில் பழகிய செயலிக்கு நம் கடைப் பெயர்கள் பெரும் தலையிடி. "ஸ்டோர்ஸ்" என்று முடிவது பலசரக்காகவும் இருக்கும், துணிக்கடையாகவும் இருக்கும், ஆணியும் பெயின்ரும் விற்கும் கடையாகவும் இருக்கும். கோணேசர் பெயரையோ பத்திரகாளி பெயரையோ வைத்த இரும்புக்கடையைச் சொற்பட்டியலை மட்டும் நம்பும் செயலி "கோவில், நன்கொடை" என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. போதாததற்கு ஒரே தமிழ்ப் பெயரை ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதுவார், அடுத்தவர் வேறு விதமாக எழுதுவார். அதனால் நல்ல செயலிகள் முழுச் சொல்லை விட்டு, மூன்று நான்கு எழுத்துத் துண்டுகளாக வெட்டி ஒப்பிடுகின்றன. 25 எழுத்தில் பெயர் வெட்டுப்பட்டு "பாமசி" என்ற கடைசிச் சொல்லே காணாமல் போயிருந்தால், எந்தத் துண்டும் உதவாது.

இனி, கொப்பியின் 28,000இல் அந்த 10,400 போக உணவுப் பெட்டிக்கு வெளியே நிற்கும் 17,600 ரூபா. இதில் 9,600 மீனுக்குப் போனது. ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் மீன்காரரிடம் வாரம் 2,400 ரூபாவுக்குச் சூரையோ பாரையோ வாங்குகிறார்கள். அவரிடம் வணிகர் கணக்கு இல்லை. "இந்த நம்பருக்குப் போட்டு விடுங்கோ அக்கா" என்று தன் சொந்த வங்கிக் கணக்கைத்தான் தருவார். அது வங்கிக்கு வங்கி உடனடியாகப் போகும் பணமாற்றம். அதில் கணக்கு இலக்கம், பெயர், தொகை, ஒரு சிறு குறிப்பு ஆகியவைதான் இருக்கும். வணிக வகை எண் கிடையாது, ஏனெனில் அங்கே வணிகர் என்று ஒருவரே இல்லை. செயலி அதை "பணமாற்றம்" என்று ஒதுக்குகிறது. அதே பெட்டியில்தான் அத்தைக்குப் போட்ட சீட்டுக் காசும் தம்பிக்குக் கொடுத்த கைமாற்றும் இருக்கின்றன.

வாரந்தோறும் ஞாயிறு காலை, ஒரே ஆளுக்கு, ஏறக்குறைய ஒரே தொகை: இதை ஒரு கணினியால் கவனிக்க முடியாதா? முடியும். ஒழுங்காகத் திரும்பி வரும் கொடுப்பனவை அது கண்டுபிடிக்கும். ஆனால் அவர் மீன்காரரா, ரியூஷன் வாத்தியாரா, வாரக் கடனுக்கு வருபவரா என்று நேரமும் தொகையும் சொல்லாது. தம்பிக்கு அனுப்பிய உதவியை "மீன்" என்று காட்டினால் ஆள் எரிச்சல்படுவார். ஒன்றும் சொல்லாமல் "பணமாற்றம்" என்று விட்டால் யாரும் முறையிடமாட்டார்கள். செயலி செய்பவர்கள் பேசாமல் இருப்பதைத் தெரிவுசெய்கிறார்கள். அது சரியான முடிவும்கூட.

மீதி 8,000 ஏ.ரி.எம்.மில் எடுத்த 20,000க்குள் ஒளிந்திருக்கிறது. சந்தையில் மரக்கறி, பேக்கரியில் பாண், தெருமுனையில் வடையும் பிளேன்ரீயும் எல்லாம் கைக்காசு. செயலிக்குக் காசு இயந்திரத்தை விட்டு வெளியேறிய நொடிதான் கடைசிக் காட்சி. 6011 என்று எழுதிக் கதையை முடித்துவிடும். ஆக 10,400, 9,600, 8,000: கொப்பிக் கணக்கு 28,000 சரியாக வந்துவிட்டது.

இந்த வட்டத்தில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கும், அது உணவோடு மட்டும் நிற்காது. கடனட்டைப் பில்லை வங்கிக் கணக்கிலிருந்து கட்டும்போது இரண்டு கணக்கும் ஒரே செயலியில் இணைந்திருந்தால், சுப்பர்மார்க்கெட் 9,300 வாங்கிய நாளில் ஒரு முறையும், பில் கட்டிய நாளில் இன்னொரு முறையும் செலவாக ஏறலாம். செயலி அந்தக் கட்டணத்தைத் தன் கணக்குகளுக்கு இடையேயான மாற்றம் என்று அடையாளம் கண்டால்தான் தப்பும். மாத மொத்தச் செலவு வருமானத்தைவிட அதிகமாகத் தெரிந்து, வங்கி மீதியோ குறையாமல் இருந்தால், தேட வேண்டிய இடம் இது.

திருத்தம் செய்யும்போது ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு கடையின் பெட்டியை மாற்றினால், பெரும்பாலான செயலிகள் அந்தக் கடைக்கு மட்டும் உங்களுக்கென்று ஒரு விதியை எழுதிக்கொள்ளும். வகை எண் மாறாது, அதே எண்ணுள்ள வேறு கடையும் மாறாது. பழைய மாதங்களும் தானாகத் திருந்தும் என்று நம்ப வேண்டாம், ஒரு தடவை பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பலசரக்குக் கடையை முழுதாக வேறு பெட்டிக்கு மாற்றுவதில் பயனில்லை. அங்கே தேவை ஒரு கொடுப்பனவைப் பிரிக்கும் வசதி: 6,850இல் 4,200 உணவு, 1,400 கல்வி, 1,250 ஏனையவை. மீன்காரருக்கோ ஒரே ஒரு முறை பெட்டியை மாற்றினால் போதும், அவரிடம் மீனைத் தவிர வேறொன்றும் வாங்குவதில்லை. அனுப்பும்போதே குறிப்பில் "மீன்" என்று எழுதிவிட்டால், செயலி வாசிக்காவிட்டாலும் மாதக் கடைசியில் உங்கள் கண் வாசிக்கும். காசுக்குச் செயலியில் வழியில்லை. அந்தக் கொப்பியை இன்னும் எறிந்துவிட வேண்டாம்.