விளக்குக் கடைக்காரர் காணாத அரை நிமிடம்

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்த்து விற்கும் ஒரு கடையின் இணையதளம் கைபேசியில் மெதுவாகத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரிசெய்து தர விரும்பும் கும்பகோணத்து இளைஞர், தாம் கண்ட குறையை ஒன்றரை நிமிடத் திரைப்பதிவாக எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்ப நினைக்கிறார். எழுத்தில் சொன்னால், "என் போனில் உடனே திறக்கிறதே, தம்பி" என்ற பதிலே வரும். கடைக்காரர் சொல்வதும் பொய்யன்று. அவர் அந்தத் தளத்தை அடிக்கடி பார்ப்பதால், அதன் படங்களின் நகலை உலாவி ஏற்கெனவே அவருடைய கைபேசியில் சேமித்து வைத்திருக்கிறது. முதல் முறையாக வரும் வாடிக்கையாளரிடம் அந்த நகல் இருக்காது.

பதிவு எடுப்பவரும் இதே பொறியில் விழக்கூடும். இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டு மூன்றாம் முறை பதிவு செய்தால், அவருடைய கணினியிலும் தளம் சட்டென்று திறந்துவிடும். ஆகவே குரோம் உலாவியில் F12 விசையை அழுத்தி, `Network` பகுதியில் `Disable cache` என்பதைத் தேர்ந்துவிட்டு, அந்தப் பலகத்தை மூடாமல் பதிவு செய்ய வேண்டும். மூடினால் அந்த அமைப்பு செயல்படாது. Ctrl+Shift+M அழுத்தினால் பக்கம் கைபேசி வடிவத்துக்கு மாறும், ஆனால் வேகம் மாறாது. வேகத்தைக் குறைக்க `Slow 4G` என்பதைத் தனியாகத் தேர வேண்டும்.

முகப்பில் இருக்கும் விளக்குப் படம் 4,000 பிக்சல் அகலமும் 6 எம்பி அளவும் கொண்டது என்போம். `Slow 4G` அமைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 1.5 மெகாபிட் வந்து சேரும். 6 எம்பி என்பது 48 மெகாபிட். எனவே படம் முழுதும் வர 32 நொடி ஆகும். அதே படத்தை 1,000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி 150 கேபிக்குள் கொண்டுவந்தால், கைபேசித் திரையில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. காத்திருப்போ ஓரிரு நொடிக்குள் அடங்கிவிடும்.

வெள்ளைத் திரையின் முதல் பத்து நொடியை வெட்டாமல் ஓடவிட்டு, மீதியை வெட்டியதாகக் குரலில் சொல்லிவிடுவதே நேர்மை. இந்த வேகம் தாமே தேர்ந்த சோதனை வேகம் என்பதையும், நல்ல சிக்னல் உள்ள இடத்தில் தளம் இதைவிட விரைவாகத் திறக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறகு `Network` பட்டியலில் அந்தப் படத்தின் பெயரையும் அளவையும் சுட்டிக்காட்டினால், குறை எங்கே இருக்கிறது என்பது கடைக்காரருக்கு விளங்கும்.

அனுப்பும்போது இன்னொரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப் வழக்கமாகக் காணொளியை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். முகம் தெரியும் காணொளிக்கு அதனால் பெரிய இழப்பில்லை, ஆனால் பட்டியலில் உள்ள பொடி எழுத்துகள் கரைந்து, சான்றாகக் காட்ட வேண்டிய 6 எம்பி என்ற எண்ணே படிக்க முடியாமல் போய்விடும். பலகத்தின் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு பதிவு செய்து, கோப்பை டாக்குமெண்டாக இணைத்தால் அந்த எண் தெளிவாகப் போய்ச் சேரும்.