படத்தைப் படித்தாளா, வாக்கியத்தைப் படித்தாளா?

வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியும் கேட்கும் குழந்தைகளுக்குப் பாடப்பகுதிகளைப் படங்களோடு மாற்றியமைத்துக் கொடுப்பது என் பணி. புதிய மொழியில் அன்றாடப் பேச்சு சுமார் 2 ஆண்டுகளில் வசப்பட்டாலும், பாடநூல் மொழியைக் கையாள 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் விளக்கியிருக்கிறார். அந்த நீண்ட இடைவெளியில்தான் படங்கள் தேவைப்படுகின்றன. ஆனால் எல்லாப் படமும் உதவுவதில்லை.

8 வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்பு மொழிக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பாடம் விதை முளைத்தல். "விதை முளைக்க நீர், காற்று, தகுந்த வெப்பம் ஆகியவை தேவை. நீர் கிடைக்காவிட்டால் விதை முளைக்காது" என்ற இரண்டு வாக்கியங்களுக்கு நான் முதலில் செய்துகொடுத்த தாளில் விதை, நீர்த்துளி, காற்று, சூரியன் ஆகிய நான்கு படங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் சுட்டிப் பெயர் சொன்னாள். ஆனால் "நீர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டபோது, "முளைக்கும்" என்றாள்.

தவறு அவளுடையது அன்று. பெயர்ச்சொற்களுக்கு மட்டுமே நான் படம் கொடுத்திருந்தேன். வாக்கியத்தின் பொருளைத் தாங்கிய "கிடைக்காவிட்டால்", "முளைக்காது" என்ற இரண்டு சொற்களுக்கும் எதுவுமே இல்லை. விதையும் நீரும் அருகருகே இருப்பதைக் கண்ட எந்தக் குழந்தையும் விதை முளைக்கும் என்றுதான் சொல்லும். சூரியன் படமோ வேறொரு பிழையையும் விதைத்திருந்தது. வெப்பத்துக்காக நான் வரைந்த சூரியனை அவள் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டாள். பெரும்பாலான விதைகளோ இருட்டான மண்ணுக்குள்ளேயே முளைப்பவை. மொழி தெரிந்த குழந்தையை எழுத்து திருத்திவிடும். இவளுக்குப் படமே பாடமாக இருந்ததால் திருத்துவதற்கு வேறு எதுவும் இல்லை.

இரண்டாம் முறை, படம் தேடுவதற்கு முன் பாடப்பகுதியில் எந்தச் சொல் தெரியாவிட்டால் பொருள் தலைகீழாகும் என்று பார்த்து, ஆறு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு கட்டம் என்று வைத்து, முதல் கட்டத்தில் காரணத்தையும் அடுத்ததில் விளைவையும் வரைந்து, இடையில் அம்புக்குறி இட்டேன். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கண் அலையாதபடி, வாக்கியத்தை அந்தக் கட்டங்களுக்கு நேர் கீழேயே எழுதினேன். இல்லாமையைக் காட்ட முதலில் நீர்த்துளியின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தேன். அவள் அதைத் தன் விடை தவறு என்பதற்கான அடையாளமாகப் புரிந்துகொண்டாள். எனவே அதை நீக்கிவிட்டு, வறண்டு வெடித்த மண்ணையும் அதில் மாறாமல் கிடக்கும் விதையையும் வரைந்தேன். ஒரு குறி எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் என்று நாம் எண்ணிக்கொள்வது எளிது, புதிய படம் ஒவ்வொன்றையும் குழந்தையிடம் காட்டி, "இதில் என்ன தெரிகிறது?" என்று முதலில் கேட்டுவிடுவதே நல்லது. விடையை வீட்டு மொழியில் சொன்னாலும் போதும், அந்த மொழி தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால்.

"தேவை", "தகுந்த" போன்ற சொற்களுக்குப் படம் வரைய நான் முயலவில்லை. வலிந்து வரைந்த படம் இன்னொரு புதிராகிவிடும். அவற்றை வீட்டு மொழியில் ஒருமுறை சொல்லி, பிறகு ஒரே வாக்கிய அமைப்பில் பலமுறை பயன்படுத்த வைத்தால் பொருள் படிந்துவிடுகிறது.

அவள் படிப்பது வாக்கியத்தையா படத்தையா என்று அறிய, வாக்கியங்களைப் படங்களிலிருந்து வெட்டிக் கலைத்துப்போட்டுப் பொருத்தச் சொன்னேன். அதன்பின், முளைவிட்ட விதையின் படத்துக்குக் கீழே "விதை முளைக்கவில்லை" என்ற வாக்கியத்தை வைத்து, சரியா என்று கேட்டேன். படத்தை மட்டுமே நம்பும் குழந்தை இதற்கு ஆம் என்று தலையசைக்கும். முதல் நாள் அவளும் அப்படியே தலையசைத்தாள். நான்காம் நாள் சற்று நேரம் பார்த்துவிட்டு, "வில்லை" என்ற இறுதிப் பகுதியின் மேல் விரலை வைத்து, இல்லை என்றாள்.

அதன் பிறகே படங்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினேன். முதலில் "விதை", "நீர்" போன்றவற்றின் படங்கள் போயின. காரணமும் விளைவும் காட்டிய இரட்டைக் கட்டங்கள் கடைசிவரை இருந்தன. இந்த வரிசையை மாற்றினால், தெரிந்த சொல்லுக்குப் படம் இருக்கும், தெரியாத சொல் தனித்து நிற்கும்.

வீட்டு மொழியில் விளக்கியும் ஒரு குழந்தை அதே கருத்தில் தொடர்ந்து தடுமாறினால், அது வகுப்பு மொழியின் சிக்கல் மட்டும் அன்று. இரு மொழிகளிலும் மதிப்பிடக்கூடிய பேச்சு-மொழி வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். வகுப்பு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு அந்த முடிவுக்கு வரக் கூடாது. இந்தச் சிறுமிக்கு அது தேவைப்படவில்லை. தன் வீட்டு மொழியில் அவள் காரணத்தை முழுமையாகவே சொன்னாள். நீர் பற்றிய வாக்கியத்தை இப்போது படமின்றிப் படிக்கிறாள். காற்று பற்றியதற்குக் கட்டங்கள் இன்னும் தாளில் இருக்கின்றன.