வெள்ளைப் புள்ளியை நம்பாதீர்கள்

போன மழைக்காலத்தில் அக்கா வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேருக்குத் தொண்டைவலி. அத்தானுக்கு வயது 38, பையனுக்கு 8. அத்தான் கண்ணாடி முன் நின்று வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். டான்சிலில் வெள்ளையாக இரண்டு புள்ளி. பயந்துபோய் மருந்துக்கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஓர் அட்டை வாங்கி வந்துவிட்டார். பையனுக்குத் தொண்டை வெறுமனே சிவந்திருந்தது. "ஐஸ்கிரீம் தின்ற வினை, வெந்நீர் குடித்தால் போய்விடும்" என்றாள் அக்கா. மருத்துவன் என்ற முறையில் நான் போய்ப் பார்த்தபோது, இரண்டு முடிவுமே தலைகீழாக இருந்தன.

தொண்டைவலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அது தேவைப்படும் முக்கியமான ஆள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் ‘ஏ’ பிரிவு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வலி எவ்வளவு என்பதல்ல. இது ஸ்ட்ரெப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான்.

இதைக் கணக்கிட ராபர்ட் சென்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1981-இல் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். காய்ச்சல், டான்சிலில் வீக்கம் அல்லது வெள்ளைப் படிவு, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கிற மாதிரி நெறி கட்டியிருப்பது, இருமல் இல்லாதது: ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வயதையும் பின்னாளில் சேர்த்தார்கள். 3 முதல் 14 வயதுவரை ஒன்று கூடும். 45-ஐத் தொட்டுவிட்டால் ஒன்று குறையும்.

இருமல் இல்லாததற்கு மதிப்பெண்ணா என்று தோன்றும். சளி வைரஸ்கள் மூக்கிலிருந்து மூச்சுக்குழல்வரை பரவி மேய்பவை. அதனால்தான் மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஸ்ட்ரெப் பெரும்பாலும் தொண்டையோடு நின்றுவிடும். எனவே இருமலும் மூக்கொழுகலும் உண்மையில் நல்ல செய்தி.

சரி, அத்தானுக்குப் போடுவோம். வெள்ளைப் புள்ளிக்கு ஒன்று. காய்ச்சல் இல்லை, நெறி இல்லை, இருமலோ ஓயவில்லை. மொத்தம் ஒன்று. இந்த மதிப்பெண்ணில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் ஸ்ட்ரெப் இருக்கும். வெள்ளைப் புள்ளியை வைரஸ்களும் உண்டாக்கும். அதை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. பையனுக்கு 102 டிகிரி காய்ச்சல், இருமல் இல்லை, தாடைக்குக் கீழே விரல் வைத்ததும் "ஆ" என்றான். வயதையும் சேர்த்தால் நான்கு.

நான்கு வந்தாலும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். அதனால் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவியெடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன். முடிவு வர ஓரிரு நாள் ஆகும். "அதுவரை மருந்தில்லாமலா?" என்று அக்கா கோபித்தாள்.

காத்திருக்கலாம். ஆன்டிபயாடிக் இந்த வலியைச் சராசரியாக முக்கால் நாள் அளவுக்குத்தான் முன்னதாகக் குறைக்கிறது. அதைக் கொடுப்பதன் முக்கிய நோக்கம் வேறு. இந்தக் கிருமியின் மேலுறைப் புரதம் நம் இதயத் திசுவின் புரதத்தை ஓரளவு ஒத்திருப்பதால், கிருமிக்கு எதிராகக் கிளம்பும் உடலின் படை சிலரிடம் இரண்டு மூன்று வாரம் கழித்து இதய வால்வுகளையும் மூட்டுகளையும் தாக்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள்தான் இது அதிகம் வரும். இந்தியாவில் இன்னும் ஒழியவில்லை. தொண்டைவலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலே இதைத் தடுத்துவிடலாம். பரிசோதனைக்கு அவகாசம் தாராளமாக இருக்கிறது. அதுவரை பாராசிட்டமால், உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிப்பு, கஞ்சி, ரசம். இவை கிருமியைக் கொல்லாது. வலி குறைந்து பிள்ளை தண்ணீர் குடிக்க உதவும்.

ஆனால் எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் பெரிதாக வீங்கினாலோ, மூச்சு இரைந்தாலோ, தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல்போல ஒட்டியிருந்தாலோ மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். டான்சில் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கலாம், டிப்தீரியாவாகவும் இருக்கலாம்.

பையனின் கல்ச்சரில் ஸ்ட்ரெப் இருந்தது. அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தேன், பத்து நாளைக்கு. பென்சிலின் குடும்பத்துக்கு இந்தக் கிருமி இன்றுவரை அடங்கிப் போகிறது. அசித்ரோமைசினை எதிர்த்து நிற்கும் வகைகள் வந்துவிட்டன. அதனால் பென்சிலின் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு அசித்ரோமைசின் முதல் தேர்வல்ல. மூன்றாம் நாளே அவன் பந்து விளையாடப் போனான். அக்கா மருந்தை நிறுத்தப் பார்த்தாள். தொண்டையில் மிச்சமிருக்கும் கிருமியை விரட்டத்தான் பாக்கி ஏழு நாள் என்று சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது.

அத்தானுக்கு ஆறாம் நாள் தானாகவே சரியாகிவிட்டது. பிரிக்காத அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனார், கடைக்காரர் வாங்கவில்லை.