மூன்றே மாதத்தில் தன்னம்பிக்கை ஏன் குறைந்தது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பினாங்கில் தாதியர் பயிற்சியைக் கவனிப்பவர். "படிப்பை முடித்து வந்த புதுத் தாதியருக்கு அறிமுகப் பயிற்சி நடத்தினோம். முதல் நாளும் மூன்றாம் மாதமும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தோம். தன்னம்பிக்கை மதிப்பெண் இறங்கிவிட்டது. பயிற்சி தோற்றுவிட்டதா?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. 'நிலைமை மோசமாகும் நோயாளியை அடையாளம் காண முடியுமா?' என்று முதல் நாள் கேட்டால், வகுப்பறையில் படித்த நினைவில் ஐந்துக்கு நான்கு போடுகிறார்கள். இரவு ஷிப்டில் ஒரு நோயாளியின் மூச்சு வேகம் மெல்ல ஏறுவதை நேரில் பார்த்த பிறகுதான், 'முடியும்' என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் என்று புரிகிறது. கேள்வி மாறவில்லை, அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் நீண்டுவிட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஹாவர்டு 1970களின் இறுதியிலேயே இதை விளக்கி, எளிய வழி ஒன்றையும் ஆராய்ந்தார். பயிற்சிக்குப் பிறகு, 'இப்போது எவ்வளவு?' என்பதோடு 'முதல் நாள் உண்மையில் எவ்வளவு இருந்தது?' என்றும் கேட்பது.

40 பேரின் சராசரி முதல் நாள் 4.0, மூன்றாம் மாதம் 3.2 என்று வைத்துக்கொள்வோம். திரும்பிப் பார்த்து முதல் நாளுக்கு அவர்களே போடும் மதிப்பெண் 2.1. இப்போது அதே 3.2 ஏற்றமாகத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் நினைவும் ஏமாற்றும். மூன்று மாதம் உழைத்தவர், முன்னேறியிருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளப் பழைய மதிப்பெண்ணைக் கூடுதலாகவே குறைக்கலாம். எது உண்மை என்று எண்கள் மட்டும் சொல்லாது, நேர்காணல் வேண்டும். கேள்வித்தாள் முடிவு வந்த பிறகே ஆளைத் தேர்ந்தெடுங்கள். அதிகம் இறங்கியவர் நான்கைந்து பேர், இறங்காதவர் நான்கைந்து பேர் போதும். 'முதல் நாள் நான்கு போட்டபோது எதை நினைத்தீர்கள்? இப்போது மூன்று போடும்போது எந்த நோயாளி நினைவுக்கு வந்தார்?' என்று கேளுங்கள். குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லி, அன்று தான் கவனிக்கத் தவறியதையும் சொன்னால் அளவுகோல் நகர்ந்திருக்கிறது. 'யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை, கேட்டாலும் திட்டு' என்றால் அது உண்மையான சரிவு, பயிற்சியில்தான் ஓட்டை.

வார்டு சிஸ்டர் பேட்டி எடுக்கக் கூடாது. மதிப்பீடு எழுதுபவரிடம் யார் மனம் திறப்பார்கள்? தமிழோ மலாயோ, அவர்களுக்கு வசதியான மொழியில் வேறொருவர் பேச வேண்டும். நேர்காணலுக்கு ஆகும் இந்த நேரத்துக்குத்தான் ஆராய்ச்சி நிதியில் பணம் ஒதுக்குவதில்லை. அது பெரிய தவறு என்பேன்.

அப்புறம், தாளில் பெயர் வேண்டாம், ஆனால் ஒவ்வொரு தாதியும் தானே உருவாக்கும் ரகசியக் குறியீடு வேண்டும். நேர்காணலுக்கு ஆள் தேடும்போது, அந்தக் குறியீடுகளை மட்டும் அறிவித்து விருப்பமுள்ளவரை வரச் சொல்லலாம். நடுவில் நான்கு பேர் வேலையை விட்டுப் போனால், மீதி 36 பேரின் முதல் நாள் தாளைத் தனியே எடுத்து ஒப்பிட அந்தக் குறியீடுதான் உதவும். போன நால்வரோடும் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.